லண்டனில் 20 பவுண்டுக்குள் ஒரு முழு நாள்! எப்படித் தெரியுமா?

லண்டனை உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் ‘ஷார்ட்’ கோபுரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். கூர்மையான கண்ணாடிக் கோபுரம், 244 மீட்டர் உயரத்தில் பார்வை மாடம், டிக்கெட்டுக்கு நல்ல விலை! ஆனால் தேம்ஸ் நதிக்கு அந்தப் பக்கம், பிஷப்ஸ்கேட் சாலை 22ஆம் எண் கட்டடத்தின் 58ஆவது மாடியில் ‘ஹொரைசன் 22’ என்று இன்னொரு மாடம் இருக்கிறது தெரியுமா? 2023இல் திறந்தது. உயரம் 254 மீட்டர். அதாவது ஷார்ட் மாடத்தை விட 10 மீட்டர் அதிகம். கட்டணம்? ஒரு பைசா கிடையாது!

லண்டன் முழுக்க இதே கதைதான். காசு வாங்கும் ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் பக்கத்திலேயே, அதற்குச் சளைக்காத இலவச இடம் ஒன்று இருக்கிறது. இது தற்செயல் இல்லை. ‘சாதாரண மக்களும் பார்க்கட்டும்’ என்று யாரோ வாதாடி, சட்டம் போட்டு, கணக்கை மாற்றி எழுதித்தான் இவை திறந்திருக்கின்றன. எது எங்கே, எந்த நேரத்தில், எந்த நிபந்தனையோடு என்று தெரிந்தவருக்கு, உலகின் மிக விலை உயர்ந்த நகரங்களில் ஒன்றான லண்டன் சட்டென்று கைக்கு எட்டிவிடும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

மியூசியங்களை இலவசமாக்கியது ஒரு வரிச் சட்டம், தெரியுமா?

பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் பொதுமக்களுக்குத் திறந்த நாளிலிருந்தே இலவசம். 1974இல் சில மாதங்கள் மட்டும் கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள். அரசு மாறியதும் கைவிட்டார்கள். ஆனால் மற்ற மியூசியங்களின் கதை வேறு. 1980களில் அரசின் நிதி இறுக, இயற்கை வரலாற்று மியூசியம் 1987இல் டிக்கெட் போட்டது. அடுத்த ஆண்டே அறிவியல் மியூசியமும் போட்டது.

பிறகு எப்படி மறுபடி இலவசம் ஆனது? இங்கேதான் ஆச்சரியம்! கட்டணம் வாங்கும் மியூசியம் தான் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வாட் வரியைத் திரும்பப் பெறலாம். இலவசமாக விடும் மியூசியமோ ‘வியாபாரம் செய்யவில்லை’ என்பதால் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. அதாவது, கதவை இலவசமாகத் திறந்தால் நஷ்டம் இரட்டிப்பு! 2001இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்; இலவச மியூசியங்களுக்கும் வரி திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய மியூசியங்களின் வாசலில் டிக்கெட் கவுண்டர்கள் காணாமல் போயின. இன்று இயற்கை வரலாற்று மியூசியத்துக்குள் நுழைந்ததும், 25 மீட்டர் நீள நீலத்திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு தலைக்கு மேல் பாய்ந்து வருவதுபோல் தொங்குவதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

நேஷனல் கேலரி ஏன் ட்ராஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது தெரியுமா? 1824இல் 57,000 பவுண்ட் கொடுத்து வாங்கிய 38 ஓவியங்களில் தொடங்கியது அது. நிலக்கரிப் புகை ஓவியங்களைக் கெடுக்கிறது, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடலாம் என்று 1850களில் பேச்சு எழுந்தது. ஆனால் மேற்கிலிருந்து பணக்காரர்கள் வண்டியில் வரவும், கிழக்கிலிருந்து ஏழைகள் நடந்து வரவும் தோதான இடம் இதுதான் என்பதால் அங்கேயே நிலைத்துவிட்டது. வான்கோவின் சூரியகாந்திப் பூக்களை இன்றைக்கும் காசில்லாமல் பார்க்க முடிகிறது!

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 1858லேயே கேஸ் விளக்கு ஏற்றி இரவிலும் திறந்து வைத்தது. பகலெல்லாம் வேலை செய்யும் தொழிலாளி வேறு எப்போது வருவார்? அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் 10 வரை. பகல் கூட்டம் வடிந்தபின் போய்ப் பாருங்கள், வேறு உலகம்!

கவனிக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, இலவசம் என்பது நிரந்தரக் காட்சிகளுக்கு மட்டும். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனி டிக்கெட் உண்டு. இரண்டு, இலவசம்தானே என்று முன்பதிவு செய்யாமல் போனால் நீண்ட வரிசையில் நிற்க நேரும். இணையத்தில் நேரம் குறித்த இலவசச் சீட்டு எடுத்துவிட்டால் நேரே உள்ளே போகலாம். வாசலில் ‘நன்கொடை’ என்று இருப்பது உங்கள் விருப்பம்தான், கட்டாயம் இல்லை.

சென்னை வழியாக லண்டன் போன கற்கள் தெரியுமா?

பிரிட்டிஷ் மியூசியத்தில் ரொசெட்டா கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம். அதே கட்டடத்தின் 33ஏ எண் அறையில் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வெளிறிய சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய அமராவதிச் சிற்பங்கள்! ஆந்திராவின் குண்டூர்ப் பக்கத்து பௌத்தத் தூபியிலிருந்து 1845இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி எடுத்து முதலில் சென்னைக்குத்தான் அனுப்பினார். அங்கே பல ஆண்டுகள் கிடந்தபின் 1859இல் கப்பலேறின. அமராவதியின் இன்னொரு பங்கு இன்றும் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. எழும்பூரில் ஒரு பாதியைப் பார்த்தவர் லண்டனில் மறு பாதியைப் பார்க்கலாம்!

அங்குள்ள ஒரு பலகையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் போதி மரமும் காலி சிம்மாசனமும். புத்தரை உருவமாகக் காட்டாத காலத்து வேலை. சில நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பி, மறுபக்கத்தில் முழுத் தூபியையும் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுச்சுவர், சிங்கங்கள், வாசலில் நிற்கும் புத்தர் என்று எல்லாமே ஒரே பலகையில்! அழிந்துபோன தூபி எப்படி இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்வதே இந்த மாதிரிப் பலகைகள்தான்.

சுவருக்குள் சுவர் ஒளிந்திருக்கும் வீடு தெரியுமா?

பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ். அங்கே கட்டடக் கலைஞர் ஜான் சோன் வாழ்ந்த வீடு, அவர் விட்டுப்போன நிலையிலேயே மியூசியமாக இருக்கிறது. 1833இல் தனிச் சட்டமே போட்டுக் காப்பாற்றிய வீடு. இதுவும் இலவசம்!

அதன் படங்கள் அறை மிகச் சின்னது. ஆனால் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்! எப்படி? ஊழியர் வந்து சுவரைப் பிடித்து இழுப்பார். சுவர் அலமாரிக் கதவுபோல் திறக்கும். உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள். ஹோகார்த் வரைந்த புகழ்பெற்ற தொடர் ஓவியங்கள் இங்கேதான் இருக்கின்றன.

கீழே நிலவறையில் எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி. 2,000 பவுண்ட் விலை கேட்டு பிரிட்டிஷ் மியூசியம் தயங்க, 1824இல் சோன் தன் காசில் வாங்கிவிட்டார்! ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல்லில் குடைந்தது என்பதால், மறு ஆண்டு மூன்று இரவுகள் விருந்து வைத்து விளக்குகள் ஏற்றி ஊருக்கே காட்டினார். திங்களும் செவ்வாயும் விடுமுறை. உள்ளே ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். காலையில் திறக்கும் நேரத்தை ஒட்டிப் போனால் காத்திருப்பு குறைவு.

நாலாவது பஸ்ஸிலிருந்து காசே இல்லை, தெரியுமா?

லண்டனில் ‘டே பாஸ்’ வாங்க வேண்டியதே இல்லை. அது தானாகவே அமைந்துவிடும்! ஆய்ஸ்டர் கார்டையோ காண்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டையோ பஸ்ஸில் ஏறும்போது தொட்டால் 1.75 பவுண்ட் கழியும். ஒரு நாளில் எவ்வளவு போனாலும் பஸ்ஸுக்கு உச்ச வரம்பு 5.25 பவுண்ட். கணக்குப் போடுங்கள், சரியாக மூன்று டிக்கெட்! அதன் பிறகு இரவு வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கலாம்.

இன்னொரு சலுகையும் உண்டு. முதல் பஸ்ஸில் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். 10 மணிக்கு ஏறி, 10.40க்கு அடுத்தது, 10.58க்கு மூன்றாவது என்றாலும் மொத்தம் 1.75! கடைசி பஸ்ஸில் ஏறும் நேரம்தான் கணக்கு, இறங்கும் நேரம் இல்லை.

ரயிலும் சேர்ந்தால்? 2025 மார்ச் கட்டணப்படி நடு லண்டனின் 1, 2ஆம் மண்டலங்களுக்குள் பஸ், ரயில் எல்லாம் சேர்த்து நாள் வரம்பு 8.90 பவுண்ட். கட்டணம் அவ்வப்போது ஏறும், ஆனால் வரம்பு முறை அப்படியே இருக்கும். ஹீத்ரூ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரவும் இதே கார்டு போதும். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 25 பவுண்ட் என்றால், கொஞ்சம் மெதுவாகப் போகும் பிக்கடில்லி பாதைக்கு அதே கட்டணப் பட்டியலில் 5.80தான்!

இதில் பலர் ஏமாறும் இடங்கள் உண்டு. காலையில் கார்டைத் தொட்டு, மாலையில் அதே கார்டு இருக்கும் போனைத் தொட்டால், எந்திரத்துக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். வரம்பு உடைந்துபோகும்! நாள் முழுக்க ஒன்றையே தொடுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே கார்டு செல்லாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். வெளியே வரும்போது மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும். பஸ்ஸிலோ ஏறும்போது மட்டும். நம் ஊர் வங்கிக் கார்டு என்றால் அந்நியச் செலாவணிக் கழிவும் சேரும் என்பதால், சில நாள் தங்குபவர் ஆய்ஸ்டர் செலவையும் அதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பஸ் இலவசம். பெரியவரோடு வந்தால் சுரங்க ரயிலும் இலவசம்.

260 மீட்டருக்கு ஒரு ரயில் டிக்கெட், தெரியுமா?

லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டு சுரங்க நிலையங்களுக்கும் நடுவில் வெறும் 260 மீட்டர்தான்! தினமும் எத்தனையோ பேர் படியிறங்கி, ரயில் பிடித்து, மறுபடி மேலேறி அந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். மேலே நடந்தால் நாலு நிமிடம். சுரங்க ரயில் வரைபடம் தூரத்தைக் காட்டாது, இணைப்பைத்தான் காட்டும். அதனால்தான் நிலையத்துக்கு நிலையம் எத்தனை நிமிடம் நடை என்று எழுதிய தனி வரைபடத்தையே போக்குவரத்துத் துறை வெளியிட்டிருக்கிறது. நடு லண்டனில் அதைக் கையில் வைத்திருப்பவர் பாதி ரயில்களை விட்டுவிடுவார்.

நடைக்கு அருமையான பாதை தேம்ஸின் தென்கரை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் தொடங்கி டவர் பாலம் வரை ஏறக்குறைய நாலைந்து கிலோமீட்டர். வண்டி நெருக்கம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. வாட்டர்லூ பாலத்தின் அடியில் பழைய புத்தகக் கடைகள், அடுத்து பழைய மின் நிலையத்தையே கலைக்கூடமாக்கிய டேட் மாடர்ன் (இலவசம்!), எதிரே 2000இல் திறந்து, கூட்டம் நடக்க நடக்கக் குலுங்கியதால் உடனே மூடி, சரிசெய்து 2002இல் மறுபடி திறந்த மில்லேனியம் நடைபாலம். டவர் பாலத்தின் மேல்மாடத்துக்குத்தான் டிக்கெட்; பாலத்தில் நடப்பது இலவசம். கப்பலுக்காக அது ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முறை இரண்டாகப் பிளந்து உயரும். நேர அட்டவணை முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். பார்த்துக்கொண்டு போய் நின்றால் அந்தக் காட்சியும் இலவசம்!

நதியில் நீர் வடியும் நேரத்தில் படிகள் வழியே மணலில் இறங்கலாம் என்று தோன்றும். எச்சரிக்கை! பழைய ஓட்டுத் துண்டு ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்துப் பையில் போடாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே தேடவோ எடுக்கவோ கூடாது.

நதிக்கு அடியிலேயே நடக்கலாம், தெரியுமா? கிரீனிச்சில் 1902இல் கட்டிய நடைச் சுரங்கம் இருக்கிறது. 370 மீட்டர் நீளம், வெள்ளை ஓடு பதித்த குழாய், தலைக்கு மேல் தேம்ஸ் ஓடுகிறது! இன்னும் கிழக்கே போனால் 1889 முதல் இன்றுவரை காசு வாங்காமல் ஆற்றைக் கடத்திவிடும் வுல்விச் படகு.

செயின்ட் பால் கதீட்ரல் மாலையில் இலவசம், தெரியுமா?

பகலில் சுற்றிப் பார்க்கக் கனமான கட்டணம் வாங்கும் செயின்ட் பால் கதீட்ரலில், பெரும்பாலான நாட்களில் மாலை 5 மணிக்கு ‘ஈவன்சாங்’ என்ற பாடல் வழிபாடு நடக்கும். அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. அந்தப் பெரிய குவிமாடத்தின் கீழே உட்கார்ந்து, பயிற்சி பெற்ற பாடகர் குழுவின் குரல் மேலே போய் எதிரொலித்துத் திரும்புவதைக் கேட்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் இதே வசதி உண்டு. இருபது நிமிடம் முன்னதாக வாருங்கள். இது வழிபாடு, படம் எடுக்கவோ எழுந்து சுற்றவோ கூடாது, முடியும்வரை அமர்ந்திருக்க வேண்டும். கல்லறைகளையும் குவிமாடத்தின் உச்சியையும் பார்க்க விரும்புபவருக்கு டிக்கெட்தான் வழி.

குடிநீர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், தெரியுமா?

இங்கிலாந்தில் மது விற்க உரிமம் பெற்ற உணவகமோ பப்போ, வாடிக்கையாளர் கேட்டால் குழாய்க் குடிநீரை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 2010 முதல் சட்டம்! எனவே ‘டேப் வாட்டர்’ என்று கேளுங்கள். வெறுமனே ‘வாட்டர்’ என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடலாம்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் போவது பரோ மார்க்கெட். சுற்றிப் பார்க்க அற்புதமான இடம், ஆனால் திங்கட்கிழமை மூடியிருக்கும், மதியம் நெரிசல், விலையும் கூடுதல். ஹோல்பர்ன் பக்கத்து லெதர் லேனுக்குப் போங்கள். அங்கே வாடிக்கையாளர் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். தினமும் வருபவரை ஏமாற்றிக் கடை நடத்த முடியாது! அதனால் தட்டு நிறைய வரும். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் மட்டும். எட்டு முதல் பத்து பவுண்டுக்குள் வயிறார ஒரு வேளை. 12 மணிக்கே போனால் வரிசை குறைவு. ஒன்றரைக்கு மேல் போனால் நல்ல அயிட்டம் தீர்ந்திருக்கும்.

இரவுக்கு பிரிக் லேனில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் பேகல் கடை உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்ந்த ‘மீல் டீல்’ நாலு பவுண்டையொட்டிக் கிடைக்கும். பல கடைகளில் குறைந்த விலைக்கு அவர்களின் இலவச உறுப்பினர் கார்டு வேண்டும். நம் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கினால் கிழக்கே ஈஸ்ட் ஹாம், தெற்கே டூட்டிங். தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும் தமிழ்க் கடைகள், நடு லண்டனை விடக் குறைந்த விலை. ஆல்ட்கேட்டிலிருந்து 115ஆம் எண் பஸ் ஈஸ்ட் ஹாம் போகும். உங்கள் 5.25 வரம்புக்குள்ளேயே!

எல்லாவற்றையும் ஒரே வெள்ளிக்கிழமையில் சேர்த்தால்?

காலை 9.30க்கு முதல் பஸ், 10 மணிக்கு பிரிட்டிஷ் மியூசியம். அமராவதி, ரொசெட்டா என்று இரண்டு மூன்று அறைகள் மட்டும். எல்லாம் பார்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும். 11.30க்கு நடந்து சோன் வீடு. 12.30க்கு லெதர் லேனில் மதியச் சாப்பாடு, 9 பவுண்ட். ஹோல்பர்னிலிருந்து 8ஆம் எண் பஸ் பிஷப்ஸ்கேட்டுக்கு. 2 மணிக்கு ஹொரைசன் 22. இறங்கி லண்டன் பாலம் வழியாகத் தென்கரைக்கு நடந்து, டேட் மாடர்னில் ஒரு சுற்று, மில்லேனியம் பாலத்தைக் கடந்து 4.40க்கு செயின்ட் பால் வாசல். வழிபாடு முடிந்ததும் மீல் டீல் ஒன்று வாங்கிக்கொண்டு, 15ஆம் எண் பஸ்ஸில் ட்ராஃபால்கர் சதுக்கம். இரவு 9 வரை நேஷனல் கேலரி. பிறகு தங்குமிடத்துக்கு நாலாவது பஸ், அதற்குக் காசில்லை!

பஸ் 5.25, மதியம் 9, இரவு ஏறத்தாழ 4. மொத்தம் 18.25 பவுண்ட். ஷார்ட், செயின்ட் பால் இரண்டின் டிக்கெட்டுகள் மட்டுமே ஐம்பது பவுண்டை நெருங்கும் ஊரில், ஒரு முழு நாளுக்கு இவ்வளவுதான்!

ஆனால் இந்தத் திட்டத்தில் ஒன்றே ஒன்று முன்கூட்டி நடந்தாக வேண்டும்: ஹொரைசன் 22 சீட்டு. வார இறுதியை ஒட்டிய நேரங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால், ஃபென்சர்ச் தெருவில் ‘ஸ்கை கார்டன்’ இருக்கிறது. அதுவும் இலவசம், உயரம் கொஞ்சம் குறைவு, உள்ளேயே தோட்டம். அதற்குத் திங்கட்கிழமைகளில் புதிய சீட்டுகள் திறக்கும். விமான டிக்கெட் கையில் வந்ததும் காலண்டரை எடுத்து, லண்டன் போகும் வாரத்துக்கு மூன்று வாரம் முன்பு வரும் திங்கட்கிழமையைச் சுழித்து வையுங்கள்!